கறந்த சூட்டோடு பால் குடிப்பது பற்றிப் பிள்ளைகளிடம் பேசினேன், ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன்

கோத்தகிரி_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் மாடு உண்டு, மீதிப் பேர் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். போன திங்கட்கிழமை ஒரு பையன் மேலுதட்டில் நுரை மீசையோடு வந்து நின்றான். கேட்டால், தாத்தா பால் கறக்கும்போதே ஒரு டம்ளர் பிடித்துக் கொடுப்பாராம், கறந்த சூட்டோடு குடித்தால்தான் பலமாம், காய்ச்சினால் பலம் ஆவியாகப் போய்விடுமாம். வகுப்பில் ஏழெட்டுக் கை உயர்ந்தது, "எங்க வீட்லயும் டீச்சர்" என்று.

சரி என்று அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினேன். ஏறக்குறைய நான் சொன்னது இதுதான்:

"மடியிலிருந்து வரும் பால் சூடாக இருக்குதே, அந்தச் சூடு எவ்வளவு தெரியுமா? மாட்டின் உடம்புச் சூடுதான், 38, 39 டிகிரி. நமக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் காட்டும் அளவு. அந்தச் சூட்டில் கிருமி சாகாது. குளிரில் வந்தவனுக்குக் கம்பளி கிடைத்த மாதிரி அது சந்தோஷமாக இருக்கும். பால் சூடாக இருப்பது வேறு, பால் காய்ந்திருப்பது வேறு. அடுத்தது, காய்ச்சினால் சத்து போய்விடும் என்பது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அடுப்பில் எரியாது, ஆவியாகவும் போகாது, பாத்திரத்திலேயேதான் இருக்கும். மூன்றாவது, பால் குடித்தால் சளி பிடிக்கும் என்பது. சளி பிடிக்க வைப்பது பக்கத்தில் உட்கார்ந்து தும்முகிறவன், பால் இல்லை."

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், நம்ம ஊர்ல குக்கர் இல்லேன்னா பருப்பே வேகாது. கிருமி மட்டும் எப்படி வேகும்?"

எனக்குப் பதில் வரவில்லை. மலையில் தண்ணீர் சீக்கிரமே, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று நானே அறிவியல் பாடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_குமார்

அந்தப் பாப்பா கேட்டது ரொம்பச் சரியான கேள்வி டீச்சர். சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். உங்கள் ஊர் 1,800 மீட்டர் பக்கம், அப்படியானால் 94 டிகிரியில் தண்ணீர் கொதித்துவிடும். ஊட்டியில் 92 சொச்சம். தொட்டபெட்டா உச்சியில் அடுப்பு வைத்தால் 91தான். ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரியை எல்லாம் 121 டிகிரியில் வைத்துத்தான் கிருமி நீக்குகிறார்கள். அதனால் நம் மலையில் பாலைச் சும்மா காய்ச்சினால் போதாது, குக்கரில் ஊற்றி இரண்டு விசில் விட வேண்டும். பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லிவிடுங்கள்.

மாட்டு_டாக்டர்_ஓய்வு

குமார் தம்பி, கணக்கு சரி, முடிவு தப்பு. தயவுசெய்து பிள்ளைகளிடம் குக்கரில் பாலை ஊற்றச் சொல்லாதீர்கள். பால் நுரைத்து மேலே வந்து ஆவி போகும் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், அப்புறம் மூடியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும். கடையில் மில்க் குக்கர் என்று இரட்டைச் சுவர் வைத்து விற்பது வேறு. அதில் விசில் அடிப்பது சுவருக்கு நடுவே இருக்கும் தண்ணீர்தான், பாலுக்கு அழுத்தமே கிடையாது.

121 டிகிரி எதற்கு என்றால், ஒரு கிருமியும், அதன் விதை போன்ற உறைகூட மிஞ்சக்கூடாது என்பதற்காக. பாலில் நாம் பயப்படுவது காசநோய்க் கிருமி, கன்று வீச்சு நோய்க் கிருமி, டைபாய்டு வகை, அப்புறம் கியூ காய்ச்சல் கிருமி. இவை எல்லாம் அவ்வளவு கெட்டியானவை இல்லை. பால் பண்ணையில் 63 டிகிரியில் அரை மணி நேரம், இல்லையென்றால் 72 டிகிரியில் 15 விநாடி, அவ்வளவுதான். சூடு ஏற ஏற நேரம் குறைந்துகொண்டே வரும். முதலில் காசநோய்க் கிருமியை மனதில் வைத்துத்தான் அந்த அளவை வகுத்தார்கள். பிறகு கியூ காய்ச்சல் கிருமி அதைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது என்று தெரிந்து, 1956இல் அமெரிக்காவில் ஒரு டிகிரி போல உயர்த்தினார்கள்.

இப்போது உங்கள் அடுப்பை யோசியுங்கள் டீச்சர். பால் 72ஐத் தொட்டு, அங்கிருந்து 94 வரை ஏறிப் பொங்குவதற்குள் சில நிமிடம் ஆகிவிடுகிறது, இறக்கி வைத்தபிறகு ஆறுவதற்கும் நேரம் ஆகிறது. 15 விநாடி தேவைப்படும் இடத்தில் நாம் பல நிமிடம் கொடுக்கிறோம். ஊட்டியாக இருந்தால் என்ன, தொட்டபெட்டாவாக இருந்தால் என்ன, பால் பொங்கினால் அந்தக் கிருமிகள் செத்துவிடும்.

பருப்பு கதை வேறு. பருப்பின் உள்ளே இருக்கும் மாவும் நாரும் தண்ணீரை இழுத்துக் குழைய வேண்டும், அதற்கு ஆறு டிகிரி குறைவு என்பது பெரிய குறைவு. கிருமி குழையத் தேவையில்லை, செத்தால் போதும். அந்தப் பாப்பாவுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பருப்பை வேகவைக்க முடியாத சூட்டில் கை வைத்தால் கை வெந்துவிடும் இல்லையா?

பாக்கெட்_பால்

எங்கள் வீட்டில் இப்போது மூன்று நாளாகத் தயிர் உறையவே மாட்டேன் என்கிறது. பாலை நன்றாகக் காய்ச்சித்தான் உறை ஊற்றுகிறேன். இதற்கும் இந்தக் கொதிநிலைக்கும் சம்பந்தம் உண்டா? அரிசி டப்பாவுக்குள்கூட வைத்துப் பார்த்துவிட்டேன்.

மாட்டு_டாக்டர்_ஓய்வு

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உறை ஊற்றும்போது பால் ஆறிவிடுகிறது, இரவு குளிரில் உறைக்கிருமி தூங்கிவிடுகிறது. கை பொறுக்கும் சூட்டில் உறையைக் கொஞ்சம் கூடவே ஊற்றி, கம்பளியில் சுற்றி வையுங்கள்.

இயற்கை_வழி

டாக்டர் சார் பெரியவர், மரியாதையோடுதான் சொல்கிறேன். பச்சைப் பாலில் உயிருள்ள என்சைம் இருக்கிறது, காய்ச்சினால் அது செத்துவிடுகிறது, இதை எந்த விஞ்ஞானியும் மறுக்க முடியாது. வைட்டமினும் போகிறது. என் தாத்தா கடைசிவரை கறந்த பாலைத்தான் குடித்தார், 91 வயதுவரை கண்ணாடி போடாமல் பேப்பர் படித்தார். டீச்சர் பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன் வீட்டுப் பெரியவர்களை அவமானப்படுத்துகிறோமா என்று யோசிக்க வேண்டும்.

மாட்டு_டாக்டர்_ஓய்வு

நீங்கள் சொன்னதில் முதல் பாதி உண்மைதான். என்சைம் செத்துவிடும். அதை வைத்துத்தான் பண்ணையில் சோதனையே செய்கிறார்கள். பாலில் பாஸ்படேஸ் என்று ஒரு என்சைம் உண்டு, அது காசநோய்க் கிருமியைவிடச் சற்றே அதிகச் சூடு தாங்கும். சூடுபடுத்திய பாலில் அது இன்னும் வேலை செய்தால் சூடு போதவில்லை என்று அர்த்தம், வேலை செய்யவில்லை என்றால் கிருமியும் போயிருக்கும். ஆக அந்த என்சைம் சாவது நமக்கு நல்ல சேதி. அது உயிரோடு வயிற்றுக்குள் போனாலும் நம் வயிற்று அமிலம் அதையும் மற்றப் புரதம் மாதிரிதான் செரித்துவிடும்.

வைட்டமினிலும் கொஞ்சம் குறைவது உண்மை. பி1, பி12, போலிக் அமிலம் இவற்றில் ஒரு பங்கு போகும், திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இன்னும் போகும். வைட்டமின் சியும் குறையும், ஆனால் பாலில் அது முதலிலேயே பெயருக்குத்தான் இருக்கிறது, ஒரு கொய்யாப்பழம் தின்றால் முடிந்தது. சுண்ணாம்புச் சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் அப்படியே இருக்கும். ஏட்டை எடுத்து எறிந்தால் மட்டும் கொழுப்பும் கொஞ்சம் புரதமும் அதோடு போகும், அதனால் பிள்ளைகளை ஏட்டையும் சாப்பிடச் சொல்லுங்கள் (என் பேத்தி மாட்டேன் என்கிறாள், அது வேறு கதை).

உங்கள் தாத்தாவைப் பற்றி: அவருடைய மாட்டுக்கு நோய் இல்லாமல் இருந்திருக்கலாம். எல்லா மாட்டுக்கும் நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எந்த மாட்டுக்கு இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது என்றுதான் சொல்கிறேன். 30 வருடத்துக்கு மேல் மாடு பார்த்த எனக்கே பார்த்தால் தெரியாது.

பூம்பாறை_செல்வி

நான் கொடைக்கானல் பக்கம் பூம்பாறை. இதைப் படித்ததும் கை நடுங்குகிறது, எங்கள் வீட்டுக் கதையை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் கொழுந்தனாருக்குச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வரும். இரவெல்லாம் போர்வை நனைகிற அளவு வேர்க்கும், காலையில் ஒன்றும் இருக்காது. பூண்டுக் காட்டுக்கு வேலைக்குப் போய்விடுவார். பத்து நாள் விடும், மறுபடி வரும். இடுப்பும் முட்டியும் வலி. முதலில் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள், குறைந்தது, திரும்ப வந்தது. அப்புறம் மலேரியா பார்த்தார்கள், இல்லை. சளிச் சோதனையும் செய்தார்கள், ஒன்றும் இல்லை. மாமியார் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டார். இரண்டரை மாதம் இப்படியே ஓடியது, ஆள் பாதியாகிவிட்டார்.

கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேட்டார்: "வீட்டில் மாடு இருக்கா? சமீபத்தில் கன்று வீசியதா?" எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காய்ச்சலுக்கு இரண்டு மாதம் முன்னால் எங்கள் செவலை ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது. பிறகு பார்த்தால் மாடு நன்றாகத்தான் இருந்தது, தீனி தின்றது, குறைவாக இருந்தாலும் பாலும் கறந்தது. கொழுந்தனார் கறக்கும்போதே ஒரு சொம்பு குடிப்பார், இங்கே சொல்கிற அதே "பலம்". ரத்தப் பரிசோதனையில் கன்று வீச்சு நோய்தான் என்று வந்தது. இரண்டு விதமான மாத்திரை, ஆறு வாரம். நான்காவது வாரமே நன்றாகிவிட்டது, நிறுத்திவிடலாம் என்றார், நாங்கள் விடவில்லை.

அதே பாலை நாங்கள் எல்லோரும் காய்ச்சித்தான் குடித்தோம். எங்கள் யாருக்கும் ஒன்றும் இல்லை. டீச்சர், இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பேர் மட்டும் வேண்டாம்.

மாட்டு_டாக்டர்_ஓய்வு

செல்வி அம்மா, ஆறு வாரம் விடாமல் கொடுத்தீர்களே, அதுதான் காப்பாற்றியது. பாதியில் நிறுத்தினால் திரும்ப வருகிற நோய் இது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் எடுத்துப் புதைத்தது யார்?

பூம்பாறை_செல்வி

அவர்தான் சார். வெறுங்கையால்தான் எடுத்தார். கையில் களை வெட்டிய காயம்கூட இருந்தது என்று ஞாபகம்.

மாட்டு_டாக்டர்_ஓய்வு

அப்படியானால் பாலால் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கன்று வீசும்போது வரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும்தான் கிருமி மிக அதிகம். காயம் வழியாக வந்திருக்கலாம், பாலால் வந்திருக்கலாம், இரண்டாலும் வந்திருக்கலாம். அதை இனிமேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் மற்றவர்கள் தப்பித்ததும் அவர்கள் நஞ்சுக்கொடியைத் தொடாததால் இருக்கலாம். ஆனால் இரண்டு வழியையும் அடைக்க வேண்டும்: பாலைக் காய்ச்சுவது ஒன்று, கையுறை போடாமல் நஞ்சுக்கொடியைத் தொடாமல் இருப்பது இன்னொன்று. பிள்ளைகள் கன்று ஈனும் இடத்தில் வேடிக்கை பார்க்கப் போவார்கள், அதையும் டீச்சர் சொல்லலாம்.

உங்கள் கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் தடுப்பூசி போடுங்கள். ஆயுளுக்கு ஒரே ஊசி, 2019இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் போடுகிறார்கள். வயது தாண்டிவிட்டால் போட மாட்டார்கள். செவலை இன்னும் இருக்கிறதா? அதன் ரத்தத்தைச் சோதித்தீர்களா?

பூம்பாறை_செல்வி

விற்றுவிட்டோம் சார். சந்தையில். சோதிக்கவில்லை. அப்போது தெரியாது.

குன்னூர்_குமார்

குக்கர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் மனைவி ஏற்கெனவே சிரித்தாயிற்று.

ஆனால் டீச்சர், எங்கள் குன்னூர்ப் பெருமை ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பாலைச் சூடாக்கும் இந்த முறைக்குப் பெயர் கொடுத்த பாஸ்டர் பெயரில்தானே இங்கே பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது, 1907இலிருந்து. பிள்ளைகளுக்கு அது நாய்க்கடி ஊசி என்றுதான் தெரியும். அவர் அந்த முறையைப் பாலுக்காகக் கண்டுபிடிக்கவில்லை, ஒயின் புளித்துப் போகிறதே என்று 1860களில் செய்து பார்த்தது. பாலுக்கு மற்றவர்கள் பிறகுதான் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 1918இல் இந்தக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில்தான் தொடங்கியது, 1958இல்தான் ஐதராபாத் போனது. பிள்ளைகளைப் பஸ் ஏற்றி வந்து வெளியிலிருந்தாவது கட்டிடத்தைக் காட்டுங்கள்.

அம்மா_அருவங்காடு

எல்லாம் சரி, சளி விஷயத்தில் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மகன் இரவு பால் குடித்தால் காலையில் தொண்டையில் கட்டிக்கொண்டு கார்கார் என்று துப்புகிறான். கண்ணால் பார்க்கிறேன். டீச்சர் ஒரே வரியில் "பால் இல்லை" என்று சொன்னால் அவன் வந்து என்னிடம் வாதாடுவான், அப்புறம் யார் சமாளிப்பது?

ஊட்டி_நர்ஸ்

அக்கா, நீங்கள் பார்ப்பது பொய் இல்லை. பால் எச்சிலோடு கலந்தால் கொஞ்ச நேரம் கெட்டியாக நாக்கிலும் தொண்டையிலும் படியும், அது சளி மாதிரியே இருக்கும். ஆனால் அது மூக்கிலிருந்து கூடுதலாக வந்த சளி இல்லை. 1990இல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் 60 பேருக்கு வேண்டுமென்றே ஜலதோஷக் கிருமியைக் கொடுத்து, அவர்கள் சிந்திய சளியை எடை போட்டே பார்த்தார்கள். சிலர் பாலே குடிக்கவில்லை, ஒருவர் ஒரு நாளில் 11 டம்ளர்வரை குடித்திருக்கிறார். பால் கூடக் குடித்தவருக்குச் சளி கூடவில்லை.

இரவு குடித்தபின் ஒரு வாய் வெந்நீர் குடிக்கச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் காலையில் துப்பினான் என்றால் பாலை விட்டுவிட்டு அவன் படுக்கும் அறையைப் பாருங்கள், நம் ஊரில் மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சை. மூச்சு இழுத்தால், உடம்பில் தடிப்பு வந்தால் அது பால் ஒவ்வாமையாகவும் இருக்கலாம், அதை டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

டீச்சர், நீங்களும் "பால் இல்லை" என்று அடித்துச் சொல்லாதீர்கள். "பெரும்பாலும் பால் இல்லை" என்று சொல்லுங்கள்.

அம்மா_அருவங்காடு

சுவரில் பூஞ்சை இருப்பது உண்மைதான். பார்க்கிறேன். இரவில் பால் மட்டும் இப்போதைக்குக் கொடுக்கப் போவதில்லை.

கோத்தகிரி_டீச்சர்

நேற்றுச் செய்துவிட்டேன். ஏழாம் வகுப்பு அறிவியல் பெட்டியில் இருந்த நீளத் தெர்மாமீட்டரைக் கழுவி, ஸ்டவ்வில் அரை லிட்டர் பால் வைத்து, அந்தப் பெண்ணையே அளவு படிக்கச் சொன்னேன். 72 வந்ததும் எல்லாரும் 15 வரை எண்ணினோம், "கிருமி அவுட்" என்று ஒருவன் கத்தினான். ஓரத்தில் சின்ன நுரை கட்டும்போது நடுவில் 83, 84தான் இருந்தது, கரண்டியால் கலக்கியதும் ஏறியது. பொங்கி எழுந்தபோது 93க்கும் 94க்கும் நடுவில் நின்றது, அதற்கு மேல் ஏறவே இல்லை. 72இலிருந்து பொங்கும்வரை மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. டாக்டர் சொன்ன கணக்கைப் பிள்ளைகளே கரும்பலகையில் போட்டார்கள். கைச்சூட்டு உதாரணம் அவ்வளவாக எடுபடவில்லை, எண்ணியதுதான் எடுபட்டது. பால் பாதி ஸ்டவ்வில் கொட்டியது.

நுரை மீசைப் பையனின் தாத்தாவை வாசலில் பார்த்தேன். அவரிடம் நீங்கள் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை, காய்ச்சினால் பலம் எங்கேயும் போகாது என்று மட்டும் சொன்னேன். "அப்ப எனக்கு மட்டும் பச்சையா இருக்கட்டும், பேரனுக்குக் காய்ச்சித் தரேன்" என்றார். அதுவே போதும் என்று வந்துவிட்டேன், சரியா தெரியவில்லை.

இப்போது புதுக் கேள்வி. அந்தப் பையனே கேட்டான்: "கன்னுக்குட்டி பச்சைப் பால்தானே குடிக்குது, அதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

மாட்டு_டாக்டர்_ஓய்வு

ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? தாய்க்குக் காசநோய் இருந்தால் பால் வழியாகக் கன்றுக்கும் வரும், வந்து பார்த்திருக்கிறேன். கன்று வீச்சு நோயும் அப்படிப் போகலாம், சில கிடேரிகளில் வளர்ந்து முதல் சினை பிடிக்கும்வரை வெளியே தெரியாமல் இருக்கும். கன்றுக்குப் பச்சைப் பாலைத் தவிர வேறு வழி இல்லை, நமக்கு அடுப்பு இருக்கிறது.

தாத்தாவிடம் இன்னொரு தடவை பேசுங்கள். அவருக்கு வயதாகிறது, காய்ச்சல் வந்தால் தாங்காது.

இயற்கை_வழி

அப்படியானால் சீம்பால்? அதைக் காய்ச்சினால் திரிந்து கட்டியாகிவிடுமே. எங்கள் வீட்டில் வெல்லம் போட்டு ஆவியில் வைப்போம். நடுவில் கிருமி செத்திருக்குமா?

மாட்டு_டாக்டர்_ஓய்வு

தட்டு மெல்லியதாக இருந்து நடுவரை கட்டியாகியிருந்தால் நான் சாப்பிடுவேன். நடு இளகலாக இருந்தால் மறுபடி வைப்பேன். எத்தனை நிமிடம் என்று கேட்டால் பாத்திரத்தின் ஆழத்தைப் பொறுத்தது, டீச்சர் அந்தத் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய்க் குத்திப் பார்த்தால்தான் தெரியும்.

பாக்கெட்_பால்

கம்பளி போட்டும் உறையவில்லை சார்.